உப்புவெளிக் கரையில் ஒரு காட்சி, இரண்டு போன்

நாங்கள் போனில் எடுத்த குறும்படம் மொத்தம் ஆறு நிமிடம். அதில் ஒன்றரை நிமிடக் காட்சி ஒன்றுக்காக ஜூன் மாதத்தில் மூன்று விடியற்காலை திருகோணமலை உப்புவெளிக் கரைக்குப் போனோம். வலை பொத்திக்கொண்டிருக்கும் அப்பப்பாவிடம், கொழும்புக்குப் போகப்போகிற பேரன் சொல்லிவிட்டுப் போக வருகிறான். அப்பப்பாவாக நடித்தவர் என் பெரியப்பா. நெடுங்காலம் கடலுக்குப் போனவர். பேரன் என் தம்பி. கமரா என் போன்.

முதல் நாள் போனை மூன்று மீட்டர் தள்ளி வைத்து எடுத்தோம். படம் நன்றாக இருந்தது. வீட்டில் காதில் மாட்டிக் கேட்டால் அலைதான் கேட்கிறது. பெரியப்பா கதைப்பது அடியில் எங்கோ கிடக்கிறது. அலைச் சத்தம் கரை நீளத்துக்கும் வருகிறது, குரல் ஒரு புள்ளியிலிருந்து வருகிறது. மைக் வாய்க்குப் பக்கத்தில் போனால்தான் குரல் முந்தும்.

அதனால் இரண்டாம் நாள் தம்பியின் பழைய போனைப் பெரியப்பாவின் சாரத்து மடிப்பில் செருகி, வயர் வைத்த இயர்போனின் மைக்கைச் சட்டைக்கு உள்பக்கம் நாடாவில் ஒட்டினேன். நாடியிலிருந்து ஒரு சாண் கீழே. மைக்கில் சட்டை உரசாமல் இருக்க, நாடாவைச் சிறு முக்கோணமாக மடித்து அடியில் வைத்தேன். இரண்டு போனையும் ஃபிளைட் மோடில் போட்டோம். பாதிப் பதிவில் அழைப்பு வந்தால் பதிவு நின்றுபோகலாம்.

"தம்பி, நான் சத்தமாக் கதைக்க வேணுமோ?" என்று பெரியப்பா கேட்டார். "வேண்டாம் பெரியப்பா, வீட்டில கதைக்கிற மாதிரியே கதையுங்கோ" என்றேன். அந்தத் தாழ்ந்த குரல்தான் காட்சிக்குத் தேவையாக இருந்தது.

குரல் தெளிவாக வந்தது. ஆனால் அவர் பேச்சை நிறுத்தும்போதெல்லாம் அலை திடீரென்று பெருத்தது. சத்தம் குறைந்தால் போன் தானாகவே அளவைக் கூட்டிவிடும், அதன் விளைவு இது. படம் பார்ப்பவருக்குக் கடல் மூச்சு வாங்குவதுபோலக் கேட்கும். இதற்கு நான் செய்தது: யாரும் பேசாமல் இரண்டு நிமிடம் அலையை மட்டும் தனியாகப் பதிந்து, காட்சி முழுக்க அடியில் ஓடவிட்டேன். பேச்சில்லாத இடங்களில் சட்டை மைக்கின் ஒலியை மெதுவாக இறக்கினேன். இப்போது கடல் ஒரே கடலாக இருக்கிறது.

படத்தையும் ஒலியையும் பொருத்த, ஒவ்வொரு ஷாட்டின் தொடக்கத்திலும் கமராவுக்கு முன் கை தட்டினோம். நீண்ட ஷாட்டின் கடைசியில் உதடு பிந்தியது, ஏனென்றால் போன் கமரா எப்போதும் ஒரே வேகத்தில் ஃபிரேம்களை எடுப்பதில்லை. நாற்பது விநாடிக்கு மேல் எதையும் எடுக்காமல் விட்டதும் அந்தத் தொல்லை கண்ணில் படவில்லை.

காற்றும் வெளிச்சமும்தான் நேரத்தைத் தீர்மானித்தன. வெயில் ஏறினால் கச்சான் காற்று எழும்பி, மைக்கில் பொத் பொத்தென்று அடிக்கும். சூரியனோ கடலுக்கு மேலே வருவதால், கடலைப் பின்னால் வைத்து எடுத்தால் முகம் கறுத்துவிடும். ஆகவே வெளிச்சம் வந்து சூரியன் வருமுன் உள்ள இருபது நிமிடம் மட்டுமே எங்களுடையது. மைக்குக்கு ஒரு பஞ்சு உறை, எனக்குப் பின்னால் கரையில் ஏற்றிய வள்ளம். மேற்கிலிருந்து வரும் காற்றை அது மறித்தது.

அந்த மங்கல் வெளிச்சத்தில் போனைக் கையில் பிடித்து, ஸ்டெபிலைசேஷனை நம்பி நடந்து பார்த்தேன். ஃபிரேம் அசையவில்லை, ஆனால் ஒவ்வொரு அடிக்கும் முகம் ஒரு கணம் கலங்கியது. இருட்டில் ஷட்டர் நீண்ட நேரம் திறந்திருக்கும். அதற்குள் பதிந்த அசைவை மென்பொருளால் பிறகு அழிக்க முடியாது. அதோடு அது ஓரங்களை வெட்டிக்கொள்வதால், வலையின் நுனியும் பெரியப்பாவின் கால்விரல்களும் காணாமல் போயின. அப்புறம் அதை அணைத்துவிட்டு, துணிப்பையில் ஈர மணல் நிரப்பி, கவிழ்த்த மீன்பெட்டிமேல் வைத்துப் போனை அதில் அழுத்தி நிறுத்தினேன். முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டினேன்.

மூன்றாம் நாள்தான் கடல்கோடு எனக்குப் பிடிபட்டது. கடல்கோடு எப்போதும் கமராவின் உயரத்திலேயே நிற்கும். முதல் இரண்டு நாளும் போன் பெரியப்பாவின் கழுத்து உயரத்தில் இருந்ததால், அந்தக் கோடு கழுத்தை அறுத்துக்கொண்டு போனது. பெட்டிக்கு மேல் இன்னொரு பெட்டி அடுக்கி, போனை அவர் தலைக்குச் சற்று மேலே உயர்த்தினேன். அவர் முழுவதும் கடலுக்குள் அடங்கினார். அதே இடத்தில் தம்பி எழுந்து நின்றபோது அவன் தலை மட்டும் கோட்டைத் தாண்டி வானத்துக்குள் போனது. கமராவை அசைக்கவே இல்லை. பெரியப்பா நிமிர்ந்து அவனைப் பார்த்தார், ஊசி கையிலேயே நின்றது. அந்த ஷாட்டைத்தான் படத்தில் வைத்திருக்கிறேன்.