அப்பாவின் உள் பாக்கெட்

அப்பாவின் முதல் திதி முடிந்த மறுவாரம் அவருடைய ட்ரங்குப் பெட்டியைத் திறந்தோம். சட்டைகளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று அம்மா சொன்னாள். பழைய டெரிகாட்டன் சட்டை ஒன்றை மடிக்கும்போது நெஞ்சுப் பக்கம் விறைப்பாகத் தட்டியது. சந்தைக்குப் போகும்போது பணம் வைக்க டெய்லரிடம் சொல்லித் தைத்த உள் பாக்கெட் அது. அதற்குள் மூன்று இன்லண்ட் லெட்டர்கள் இருந்தன, 75 காசு முத்திரை அச்சிட்டவை. மூன்றிலும் என் பெயர், கோயம்புத்தூர் ஹாஸ்டல் முகவரி. தபால் முத்திரை மட்டும் இல்லை.

அவசரத்தில் முதல் கடிதத்தை விரலை விட்டுக் கிழித்துத் திறந்தேன். அதுதான் நான் செய்த தப்பு. இன்லண்டில் கடைசி வரிகளை இடம் போதாமல் பசை ஓரம் வரை நெருக்கி எழுதுவோம் இல்லையா? அந்த ஓரத்தின் மேல்தோல் உரிந்து எதிர்ப்பக்கத்தோடு போய்விட்டது. ஒரு வரி காணாமல் போனது.

அழுகையாக வந்தது. அப்புறம், பைண்டிங் வேலை செய்த எதிர்வீட்டு அண்ணனிடம் மற்ற இரண்டையும் கொண்டுபோனேன். "ஆவி காட்டிடாதம்மா. மைப்பேனா எழுத்து, ஈரம் பட்டா ஊறிப் பரவிடும்" என்றார். தென்னை ஈர்க்கைத் தட்டையாகச் சீவி, பசை இல்லாத மூலையில் நுழைத்து மெல்ல நகர்த்தினார். காகிதம் பஞ்சு மாதிரி எழும்பினால் உடனே நிறுத்திவிட்டு எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தார். ஒன்றுக்கு அரை மணி நேரம் ஆனது. மடல்கள் கோணலாகத்தான் பிடித்திருந்தன. அப்பா ஒட்டவில்லை, மழைக்கால ஈரத்தில் பசை தானாக ஒட்டியிருக்கிறது என்றார். மடிப்பை ஒரேயடியாக விரிக்காமல் பாதி திறந்து ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்துப் புத்தகங்களை ஏற்றினோம். லேமினேஷன் மட்டும் வேண்டாம், அப்புறம் பிரிக்கவே முடியாது என்று சொல்லி அனுப்பினார்.

அப்பா எனக்குக் கடிதமே போட்டதில்லை என்று எத்தனையோ முறை அவரிடம் சண்டை பிடித்திருக்கிறேன். மாதாமாதம் மணியார்டர் வரும். தபால்காரர் கிழித்துத் தரும் கூப்பனில் இரண்டே சொல் இருக்கும். அந்தக் கூப்பன்களை இன்னும் பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறேன். எடுத்துத் தேதி பார்த்தேன். 9.8.1994 கடிதத்தில், கிணற்று மோட்டார் காயில் கருகிவிட்டது, அம்மாவின் செயினை அடகு வைத்தேன் என்று பக்கம் முழுக்க எழுதியிருக்கிறார். நாலு நாள் கழித்து வந்த கூப்பனில்: "அனைவரும் சுகம்."

அந்த உரிந்த வரி மனதை அரித்துக்கொண்டே இருந்தது. எதிர்ப்பக்கத்தில் ஒட்டியிருந்த தோலில் மை ஊறி, எழுத்து இடம் வலமாகத் திரும்பி லேசாகத் தெரிந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து அம்மாவின் பொட்டுக் கண்ணாடியை எதிரே பிடித்தேன். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன்.

"இதெல்லாம் உனக்கு எதற்கு பாப்பா. சனிக்கிழமை மணியார்டர் போடுகிறேன்."