சி.டி.ஜி. பேப்பரில் கீழ்க்கோட்டையும் பாருங்கள்

பெங்களூரில் பிரசவம் முடிந்து பத்து நாள் ஆகிறது. லேபர் வார்டில் வீணாய்ப் போன அந்த 40 நிமிடத்தை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது.

அட்மிஷனில் சிக்கலே இல்லை. குழந்தையின் துடிப்பையும் பிரசவ வலியையும் பேப்பரில் பதிவு செய்யும் சி.டி.ஜி. மெஷினுக்காக வயிற்றில் இரண்டு பெல்ட் கட்டினார்கள். ஜெல் தடவிய வட்டு குழந்தையின் துடிப்பை எடுக்கும். மேல்வயிற்றில் இருக்கும் வட்டு, வலியில் வயிறு இறுகுவதைக் காட்டும். பேப்பரில் மேல்கோடு துடிப்பு, கீழ்க்கோடு வலி. பேஸ்லைன், அதாவது ஏற்ற இறக்கம் இல்லாதபோது நிமிடத்துக்கு ஓடும் துடிப்பு, 140 என்றார்கள். 110 முதல் 160 வரை இயல்பு என்று எனக்கும் தெரியும்.

இடது பக்கம் திரும்பிப் படுக்கச் சொன்னார்கள், படுத்தேன். கொஞ்ச நேரத்தில் துடிப்பு 115 வரை இறங்கி மறுபடி ஏறியது. மூன்று நான்கு முறை அப்படியே. டியூட்டி டாக்டர் வந்து பேப்பரைப் பார்த்தார். "டிசெலரேஷன் வருது, சிசேரியனுக்குக் கையெழுத்துப் போடுங்க" என்றார். அம்மா அழ ஆரம்பித்துவிட்டார்.

சீனியர் மேடம் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "வலி எங்கே பதிவாகியிருக்கு?" கீழ்க்கோடு தட்டையாக ஓடியிருந்தது. நான் திரும்பியபோதே மேல் பெல்ட் நழுவியிருக்கிறது, யாரும் பார்க்கவில்லை. வலி எப்போது வந்தது என்று தெரியாமல், இறக்கம் எந்த வகை என்று எப்படிச் சொல்வது? வலியோடு சேர்ந்து மெல்ல இறங்கி, வலி அடங்கும்போது கூடவே ஏறினால், பெரும்பாலும் தலை அழுந்துவதால் வருவது. அதில் பயம் இல்லை. வலி உச்சம் தொட்ட பிறகு இறங்கி, வலி போன பின்னும் தாமதமாகவே ஏறினால், நஞ்சுக்கொடி வழியாக ஆக்சிஜன் போதாமல் இருக்கலாம். இரண்டுக்கும் சிகிச்சையே வேறு.

மேடம் பெல்ட்டைச் சரியாகக் கட்டிவிட்டு, என் வயிற்றில் கையை வைத்துக்கொண்டார். இறுக ஆரம்பித்ததும் நர்ஸிடம் மெஷினில் குறியிடும் பட்டனை அழுத்தச் சொன்னார். நான்கு வலிக்கு இப்படிச் செய்தார்கள். நான்கிலும் இறக்கத்தின் அடிப்பகுதி வலியின் உச்சத்துக்கு நேராக இருந்தது. இடையில் மேல்கோடு நன்றாக நெளிந்து ஓடியது. தட்டையாகிவிட்டால்தான் யோசிக்கணும் என்றார். பிறகு உள்ளே பரிசோதித்தபோது கருப்பை வாய் 7 சென்டிமீட்டர் திறந்திருந்தது. அதே சமயம் துடிப்பு 160க்கு ஏறி 20 விநாடி நின்றது. 15 துடிப்பு கூடி 15 விநாடி நின்றாலே ஆக்ஸலரேஷன், குழந்தை தெம்பாக இருக்கு என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துத் தாளை எடுத்துப் போய்விட்டார்.

அதனால் கூட இருப்பவர்கள் இரண்டு விஷயத்தைப் பாருங்கள். வலி வரும்போது கீழ்க்கோடு மேடாக எழுகிறதா? எழவில்லை என்றால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். மேட்டின் உயரம் வலியின் பலத்தைக் காட்டாது, நேரத்தை மட்டும்தான் காட்டும். அப்புறம், துடிப்பு திடீரென்று 90 என்று காட்டினால், தாயின் நாடியையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சில நேரம் மெஷின் அதைத்தான் பிடித்திருக்கும். ஆனால் அது தாயின் நாடி இல்லை என்று தெரிந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

மூன்று மணி நேரத்தில் சுகப்பிரசவம். பெண் குழந்தை, 2.9 கிலோ. அந்தப் பேப்பரைக் கேட்டு வாங்கிப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். வெப்பத்தில் அச்சாகும் தாள், நாளாக ஆக மங்கிவிடும்.