இடையிசையில் மிச்சமான இரண்டு கவுன்ட்

பெப்ரவரி 3, வெள்ளவத்தை

படத்துக்கான பாட்டு ஒருவழியாக வந்து சேர்ந்தது. டான்ஸ் மாஸ்டரின் வழக்கப்படி முதல் நாள் யாரும் ஆடக்கூடாது. உட்கார்ந்து கேட்டு எண்ண வேண்டும், அவ்வளவுதான். அவருடைய அசிஸ்டன்ட் என்பதால் தாளில் எழுதுகிற வேலை எனக்கு. எட்டு எட்டு பீட்டாகக் கோடு போட்டு, பல்லவி எத்தனை எட்டு, முதல் இடையிசை எத்தனை, சரணம் எத்தனை என்று எழுதி, பக்கத்தில் எந்த எட்டில் பாடகி மூச்சு எடுக்கிறாள், எங்கே தவில் ஏறுகிறது, எங்கே எல்லாம் நின்று வயலின் மட்டும் ஓடுகிறது என்று குறித்துக்கொண்டே போனேன். கடைசியில் பார்த்தால் பாட்டு முழுவதும் மூன்று பக்கத்துக்குள் அடங்கிவிட்டது.

வேகம் நிமிடத்துக்கு 100 பீட். இது எங்களுக்கு அதிர்ஷ்டம், ஏனென்றால் நாங்கள் எடுப்பது விநாடிக்கு 25 ஃப்ரேமில். ஒரு பீட்டுக்கு 0.6 விநாடி, அதாவது சரியாக 15 ஃப்ரேம். ஒரு எட்டுக்கு 120 ஃப்ரேம், 4.8 விநாடி. பின்னமே வராது. இதுவே 110 பீட் பாட்டாக இருந்தால் ஒரு பீட்டுக்கு 13.6 ஃப்ரேம் வரும், எடிட்டர் அண்ணா ஒவ்வொரு வெட்டிலும் அரை ஃப்ரேம் முன்னே பின்னே என்று முனகிக்கொண்டிருப்பார்.

சிக்கல் இரண்டாவது இடையிசையில். எண்ணி எண்ணிப் பார்க்கிறேன், 58 பீட் வருகிறது. ஏழு எட்டு 56, மிச்சம் 2. சரணத்துக்கு முன்னால் இசையமைப்பாளர் தவிலை உருட்டிவிட்டு இரண்டே பீட்டில் ஒரு அரைக்கட்டு போட்டிருக்கிறார். காதுக்கு நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் ஆடுகிற பிள்ளைகள் அந்த இரண்டையும் கவனிக்காமல் எட்டு எட்டாக ஓட்டினால், பாடகி முதல் சொல்லைத் தொடங்கும்போது இவர்கள் மூன்றாவது கவுன்டில் இருப்பார்கள். அதற்குப் பிறகு சரணம் முழுவதும் அழுத்தம் விழ வேண்டிய இடத்தில் கால் சும்மா நகரும், சும்மா நகர வேண்டிய இடத்தில் விழும். பார்க்கிறவருக்கு என்ன பிழை என்று சொல்லத் தெரியாது, ஏதோ ஒட்டவில்லை என்று மட்டும் படும்.

பெப்ரவரி 5

மிச்ச இரண்டை எங்கே வைப்பது என்று காலை முழுக்கக் கதைத்தோம். கடைசி எட்டைப் பத்தாக நீட்டி, சுற்று ஒன்றைப் பெரிதாக்கலாம் என்றேன். மாஸ்டருக்குப் பிடிக்கவில்லை. சுற்றை நீட்டினால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வேகத்தில் முடிப்பார்கள், முப்பது பேர் ஒரே கணத்தில் நிற்கமாட்டார்கள் என்றார். சரிதான். பிறகு அவரே சொன்னார்: "ஏழாவது எட்டு முடியுற இடத்தில எல்லாரும் நிக்கட்டும். ரெண்டு கவுன்ட் சிலை. தவில் மட்டும் உருளட்டும். ஒண்டில தலை திரும்பட்டும்." தவில் உருள்வதை ஆட்டத்தில் காட்டப் போனால் இரண்டும் மோதும், நின்றுவிட்டால் உருட்டல் தனியாகத் தெரியும். 1.2 விநாடி, 30 ஃப்ரேம். திரையில் இது நீளம்தான்.

மத்தியானத்துக்குப் பிறகு ஸ்டெப் போட ஆரம்பித்தார். அவர் கமெராவை முதலில் வைத்துவிட்டுத்தான் காலை எடுப்பார். கையில் போனைப் பிடித்துக்கொண்டு, இந்த எட்டு வைட், இந்த நாலு மிட், இந்த இரண்டு க்ளோஸ் என்று சொல்லிக்கொண்டே ஆடுவார். இடுப்போடு வெட்டுகிற சட்டத்தில் கால் வேலை போட்டால் வீண். அங்கே கழுத்து, தோள், விரல்தான். கால் வேலையும் வரிசை மாற்றமும் வைட் ஷாட்டுக்கு. மேடையில் ஆடிப் பழகிய பிள்ளைகளுக்கு இது ஆரம்பத்தில் விளங்காது, எல்லா எட்டிலும் எல்லா உறுப்பும் ஆட வேண்டும் என்று நினைப்பார்கள்.

பெப்ரவரி 9, கொட்டாஞ்சேனை

ஒத்திகை. மண்டபத்தில் மின்விசிறி இரண்டுதான், வேர்வையில் தரை வழுக்குகிறது.

பாட்டு போடாமல் வாய் எண்ணிக்கையில்தான் தொடங்கினோம். பிறகு அதே பாட்டை 80 பீட்டுக்கு இறக்கி, பிறகு 90, பிறகுதான் உண்மையான வேகம். மெதுவாக ஆடும்போதுதான் யார் எந்தக் காலில் எடை வைக்கிறார்கள் என்று தெரியும், வேகத்தில் அது மறைந்துவிடும். சரியாக வந்ததும் கண்ணாடியைத் திரையால் மூடிவிட்டோம். கண்ணாடி இருந்தால் பெடியங்கள் தங்களைப் பார்க்காமல் பக்கத்தில் நிற்பவனைப் பார்த்துத்தான் ஆடுவார்கள், அதனால் பின்வரிசை எப்போதும் ஒரு இழை பிந்தும்.

அந்த இரண்டு கவுன்டில் பாதிப் பேர் விழுந்தார்கள். உடம்பு எட்டுக்குப் பழகியிருக்கிறது, எட்டு முடிந்ததும் தானாக ஒன்றுக்குப் போகிறது. "ஒன், டூ" என்று இரண்டு தடவை எண்ணச் சொன்னால் இன்னும் குழப்பம், எந்த ஒன் என்று தெரியவில்லை. கடைசியில் எண்ணையே எடுத்துவிட்டோம்: "ஃபைவ், சிக்ஸ், செவன், எய்ட், நில், நில், ஒன்!" சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஆடினார்கள், நின்றது. பின்வரிசையில் ஒரு தங்கச்சி மட்டும் சிலையாக நிற்கும்போது சிரித்துவிடுகிறாள். அது நாட்டியப் பிரச்சினை இல்லை.

பெப்ரவரி 12

கதாநாயகியோடு ஸ்லோ மோஷன் சோதனை. சரணத்தின் முதல் வரி இரண்டு எட்டு, துப்பட்டா மெதுவாகப் பறக்க வேண்டும், வாய் மட்டும் பாட்டோடு சேர வேண்டும் என்று இயக்குநர் கேட்கிறார். செய்முறை பழையது: விநாடிக்கு 50 ஃப்ரேமில் எடுத்து, பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஒலிக்கவிட்டு, அந்த வேகத்துக்கு அவர் வாயசைத்து ஆட வேண்டும். திரையில் 25க்கு ஓட்டும்போது வாய் சரியாகும், துணியும் முடியும் மிதக்கும்.

சொல்ல லேசு. இரண்டு மடங்கு என்றால் 200 பீட், திரையில் 9.6 விநாடி ஓடப்போகிற வரியை அவர் 4.8 விநாடிக்குள் பாடி முடிக்க வேண்டும். கை கால் சமாளிக்கிறது. உதடு சமாளிக்கவில்லை. ப, ம வருகிற இடமெல்லாம் உதடு முழுதாக ஒட்டிப் பிரிய வேண்டும், அந்த வேகத்தில் பாதிதான் மூடுகிறது, திரையில் மெதுவாக ஓடும்போது அது அப்பட்டமாகத் தெரிகிறது. வரியின் முதல் பாதி அடுக்கடுக்கான குறில், இரண்டாம் பாதியில் இழுப்பு. ஆகவே முதல் எட்டைச் சாதாரண வேகத்திலும் இழுக்கிற எட்டை மட்டும் 50லும் எடுப்பதாக முடிவு. இயக்குநருக்கு முகம் சுருங்கியது, சோதனைப் படத்தைப் பார்த்த பிறகு ஒத்துக்கொண்டார்.

பெப்ரவரி 16, கல்கிசை

விடியும் முன்னே கடற்கரையில். பாட்டைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் முன்னால் நாலு டிக் சத்தம் சேர்த்துக் கொடுத்திருந்தேன். எந்தத் துண்டும் முந்தின துண்டின் கடைசி நாலு கவுன்டிலிருந்தே தொடங்கும். அந்த நாலும் இரண்டு ஷாட்டிலும் இருந்தால்தான் எடிட்டருக்கு எங்கே வெட்டுவது என்று தெரிவு கிடைக்கும்.

வைட் ஷாட்டில் பின்வரிசை பிந்தியது. மண்டபத்தில் இப்படி இருக்கவில்லை. மாஸ்டர் முதலில் அவர்களைத்தான் திட்டினார், பிறகு ஸ்பீக்கர் எங்கே என்று பார்த்தார். ஸ்பீக்கர் கமெராவுக்குப் பக்கத்தில், பின்வரிசை அதிலிருந்து கிட்டத்தட்ட 34 மீட்டர் தள்ளி. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும், ஆக அவர்கள் பாட்டைக் கேட்பதே 0.1 விநாடி கழித்து. இரண்டரை ஃப்ரேம். ஒரு பீட்டில் ஆறில் ஒரு பங்கு. பாவம், அவர்கள் தங்களுக்குக் கேட்ட பாட்டுக்குச் சரியாகத்தான் ஆடியிருக்கிறார்கள். முன்னுக்கு ஒன்று பின்னுக்கு ஒன்று என்று இரண்டு ஸ்பீக்கர் வைத்தால் சரியாக நடுவில் நிற்காதவர்களுக்கு இரட்டையாகக் கேட்கும். அதனால் ஸ்பீக்கரைச் சட்டத்துக்கு வெளியே, வரிசைகளின் நடுப் பக்கவாட்டுக்கு நகர்த்தினோம். எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே தூரம். அடுத்த டேக் பிசிறில்லாமல் வந்தது, அந்த நேரம் பார்த்து ஒரு ரயில் கூவிக்கொண்டு போனது. ஷாட்டில் பதிவாகும் ஒலி படத்தில் வராது என்பதால் கவலையில்லை.

பெப்ரவரி 17

மிச்ச க்ளோஸ் ஷாட்கள். குறிப்பிட எதுவுமில்லை. வெயில்.

பெப்ரவரி 21, எடிட் அறை

தூரத்து லென்ஸில் எடுத்த ஷாட்கள் எல்லாவற்றிலும் ஆட்டக்காரர்கள் பாட்டை முந்துகிறார்கள். காரணம் கடற்கரையில் பிந்திய அதே ஒலிதான், தலைகீழாக. உதவியாளர் தம்பி கமெராவில் பதிவான வழிகாட்டி ஒலியை வைத்துப் பாட்டோடு பொருத்தியிருக்கிறான். ஆட்டக்காரர்கள் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில், கமெரா வெகு தூரத்தில். கமெராவுக்கு ஒலி பிந்தி வந்தது, படம் உடனே வந்தது. ஒலியைப் பொருத்தினால் படம் இரண்டு மூன்று ஃப்ரேம் முன்னே போய்விடும். கால் தரையில் படும் ஃப்ரேமைப் பார்த்துக் கையால் நகர்த்திச் சரிசெய்தோம்.

முதல் வெட்டில் எல்லா மாற்றமும் கச்சிதமாக ஒன்றில் விழுந்தது. கச்சிதமாக இருந்ததுதான் பிரச்சினை, ஆட்டமே தெரியவில்லை. ஷாட் மாறினால் கண் ஆளைத் தேடிப் பிடிக்கச் சில ஃப்ரேம் வேண்டும், அடி விழுகிற அதே ஃப்ரேமில் மாற்றினால் அடியைக் கண் தவறவிடும். மாஸ்டர் பின்னால் நின்று, "கை ஏறுறது புது ஷாட்டில தெரியணும் அண்ணா, ஒண்டில விழட்டும்" என்றார். எடிட்டர் வெட்டை ஏழெட்டு ஃப்ரேம், அரை பீட், முன்னால் நகர்த்தினார். உடனே உயிர் வந்தது. சிலையாக நிற்கிற இடத்தில் மட்டும் வேறு கணக்கு, அங்கே பீட்டிலேயே வெட்டு. அசைவு எதுவும் இல்லையே, தவறவிட என்ன இருக்கிறது.

வைட் ஷாட்டை ஒரு முழு எட்டாவது விட வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். இப்போது எல்லாவற்றையும் இரண்டு கவுன்டில் நறுக்குகிற பழக்கம் வந்துவிட்டது, வரிசை மாறுவதைக் காட்டாமலே அடுத்த முகத்துக்குப் போய்விடுகிறார்கள். பிறகு எதற்கு முப்பது பேர்?

பெப்ரவரி 25

தயாரிப்பாளர் பக்கத்திலிருந்து தொலைபேசி: இரண்டாவது இடையிசையில் பத்து விநாடி குறைக்க வேண்டும். பத்து என்று ஒன்று இந்தப் பாட்டில் இல்லை. 4.8 இருக்கிறது, 9.6 இருக்கிறது. இரண்டு எட்டு எடுக்கலாம் என்று சொன்னோம், சரி என்றார்கள்.

ஏழில் எந்த இரண்டு? கடைசி எட்டையும் அந்த இரண்டு கவுன்டையும் தொடமுடியாது. முதல் இரண்டில் நாதஸ்வரம் நுழைகிறது. மூன்றும் நாலும் அதே மெட்டு திரும்ப வருகிற இடம், எடுத்தாலும் காது கண்டுபிடிக்காது. ஆனால் கண் கண்டுபிடிக்கும்: இரண்டாவது முடிவில் எல்லாரும் அம்பு முனையாக நிற்கிறார்கள், ஐந்தாவது தொடக்கத்தில் எதிரெதிரே இரண்டு வரிசை. நடுவில் மாறுகிற எட்டுகளைத்தானே எடுக்கிறோம். ஐந்தாவதின் முதல் நாலு கவுன்டுக்குக் கால் சலங்கை க்ளோஸ் ஒன்றைப் போட்டு மூடினோம். அந்த ஷாட் வேறு எட்டுக்கு எடுத்தது, ஆனால் அடி விழுகிற கால் வலதுதான், அதனால் பொருந்துகிறது. ஐந்தாவது கவுன்டுக்கு அரை பீட் முன்னால் வைட்டுக்குத் திறக்கிறது, இரண்டு வரிசையும் ஏற்கெனவே நகர்ந்துகொண்டிருக்கிறது. இசையமைப்பாளர் வெட்டின பாட்டை நாளைக்கு மிக்ஸ் செய்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். வந்ததும் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும், 42 பீட் இருக்கிறதா என்று.