மழை வரைபடத்தில் வந்த வட்டங்கள்: ஐ.டி.டபிள்யூ. செய்முறைத் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு

முதுகலை இரண்டாம் ஆண்டில் நான் எடுத்துக்கொண்ட திட்டப்பணி, நீலகிரியின் தென்மேற்குப் பருவமழையை வரைபடமாக்குவது. மழைமானி நிலையங்களில் காலை 8.30 மணிக்குக் குறித்த 24 மணி நேர அளவுகளை வைத்து, நிலையங்களே இல்லாத இடங்களுக்கும் மழையைக் கணித்துத் தொடர்பரப்பாக நிரப்ப வேண்டும். முறை, தலைகீழ்த் தொலைவு எடையிடல். வகுப்பில் எல்லோரும் ஐ.டி.டபிள்யூ. என்றே சொல்வோம். வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் என் வரைபடத்தில் இருந்த கரும்பச்சை வட்டம் ஒன்றின் மேல் விரலை வைத்து, "ஏம்மா, இந்த வட்டம் மழையா, மென்பொருளா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு எவையெல்லாம் தெரிந்திருக்க வேண்டியிருந்தது என்பதை இங்கே எழுதுகிறேன்.

மென்பொருளைத் திறப்பதற்கு முன் ஒரு புள்ளியைக் கையால் கணக்கிடுங்கள். நிலையம் இல்லாத ஓர் இடத்திலிருந்து 5, 10, 20 கி.மீ. தொலைவில் மூன்று நிலையங்கள் இருப்பதாகவும், அவற்றில் முறையே 60, 24, 8 மி.மீ. மழை பதிவானதாகவும் வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு நிலையத்தின் எடை, 1-ஐத் தொலைவின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது. எனவே எடைகள் 0.04, 0.01, 0.0025, கூட்டுத்தொகை 0.0525. எடையையும் மழையையும் பெருக்கிக் கூட்டினால் 2.66. அதை 0.0525-ஆல் வகுத்தால் 50.7 மி.மீ. சாதாரண சராசரி 30.7 மி.மீ. மட்டுமே, அருகிலுள்ள நிலையம் விடையைத் தன் பக்கம் இழுத்திருக்கிறது.

இந்த மூன்று நிலையங்களை வைத்தே தேர்வில் கேட்கப்படும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிடலாம். வர்க்கத்துக்குப் பதிலாக அடுக்கை 1 என்று வைத்தால் விடை 42.3, 3 என்று வைத்தால் 55.3. அடுக்கு கூடக்கூட அருகிலுள்ள நிலையத்தின் 60-ஐ நோக்கி விடை நகர்கிறது. அடுக்கை மிகவும் பெரிதாக்கினால் ஒவ்வொரு இடமும் தனக்கு மிக அருகிலுள்ள நிலையத்தின் அளவையே எடுத்துக்கொள்ளும், அதாவது தீசன் பலகோணம் வந்துவிடும். பூஜ்ஜியமாக்கினால் சாதாரண சராசரி. இந்த முறையை 1968-இல் டொனால்ட் ஷெப்பர்ட் முன்வைத்தார். இன்றும் பெரும்பாலான மென்பொருள்கள் அடுக்கை 2 என்றே முன்னிருப்பாகத் தருகின்றன. 2 என்பது இயற்கை விதி அல்ல, வழக்கம். "ஏன் 2?" என்று கேட்டால் இதை நேராகச் சொல்லலாம்.

என்னை மூன்று வாரம் பின்னுக்குத் தள்ளியது வேறொன்று. என் முதல் வரைபடத்தில், நல்ல மழை நாளில், நடுமலையில் வறண்ட குழி ஒன்று தெரிந்தது. மழைமறைவுப் பகுதியாக இருக்கும் என்று நினைத்து அறிக்கையில் அதற்கு விளக்கமும் எழுதிவிட்டேன். வழிகாட்டி சார் மூலப் பதிவேட்டைக் கேட்டார். அந்த நாளுக்கான கட்டத்தில் சிறு கோடு இருந்தது. அன்று அளவே எடுக்கப்படவில்லை. எக்செல் தாளைச் சீர்செய்தபோது நான் கோடுகளையெல்லாம் பூஜ்ஜியமாக மாற்றியிருந்தேன்.

இதன் விளைவை மேலே போட்ட கணக்கிலேயே பாருங்கள். 60 மி.மீ. பதிவான நிலையத்தை 0 என்று எழுதினால் விடை 5 மி.மீ.க்கு இறங்கிவிடும். அந்த நிலையத்தை விட்டுவிட்டு மற்ற இரண்டை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் 20.8 வரும். இரண்டுமே 50.7-க்கு எட்டவில்லைதான். ஆனால் இரண்டாவது விடை தெரியாததைத் தெரியாததாகவே விட்டுவைக்கிறது. முதலாவது, மழை பெய்யவில்லை என்று பொய் சொல்கிறது. அதனால் அளவு இல்லாத நிலையத்தை அந்த நாளின் பட்டியலிலிருந்தே நீக்குங்கள். சுற்றிலும் மழை பதிவாகியிருக்க ஒரு நிலையம் மட்டும் பூஜ்ஜியம் காட்டினால் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். இரட்டைப் பதிவையும் இதே கணக்கில் சோதிக்கலாம். 10 கி.மீ. தொலைவு நிலையத்துக்குப் பக்கத்திலேயே, அதே 24 மி.மீ. காட்டும் இன்னொரு மழைமானி இருந்தால், புதிய தகவல் எதுவும் இல்லாமலே 50.7 என்பது 46.4 ஆகிறது. நிலையங்கள் ஓரிடத்தில் குவிந்திருந்தால் ஐ.டி.டபிள்யூ. அவற்றைத் தனித்தனிச் சாட்சிகளாக எண்ணிக்கொள்ளும்.

ஆயத்தொலைவுகளைப் பற்றிச் சுருக்கமாக. நீலகிரி யூ.டி.எம். 43-வடக்கு மண்டலத்தில் வருகிறது (`EPSG:32643`). பாகைகளில் வைத்துக் கணக்கிட்டால் தொலைவே தவறிவிடும் என்று பல குறிப்புகளில் படித்தேன். நம் அட்சரேகையில் கிழக்கு-மேற்குப் பாகைக்கும் வடக்கு-தெற்குப் பாகைக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய ஒன்றரை சதவீதம்தான், எடைகள் பெரிதாக மாறுவதில்லை. ஆனால் தேடல் ஆரத்தையும் பிக்சல் அளவையும் மீட்டர் என்று எண்ணி எழுதிவிட்டால் எல்லாம் கெடும். அதற்காகவே முதலில் மீட்டர் அலகுக்கு மாற்றுங்கள். கியூஜிஐஎஸ் பயன்படுத்துபவர்கள் `IDW interpolation` கருவியில் மழைப் புலம் பட்டியலில் தெரியாவிட்டால், அது உரையாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். எண் வரிசையில் ஒரே ஒரு கோடு இருந்தாலும் இப்படி ஆகும்.

இனி, வட்டங்கள். ஐ.டி.டபிள்யூ.வின் விடை எப்போதும் எடையிட்ட சராசரிதான். சராசரி, உள்ளே கொடுத்த மிகப் பெரிய அளவைத் தாண்டாது, மிகச் சிறியதற்குக் கீழும் இறங்காது. எனவே பரப்பின் உச்சமும் பள்ளமும் நிலையங்கள் நிற்கும் இடத்திலேயே அமைந்துவிடும். நிலையங்களுக்கு நடுவே, ஆளில்லாத மலைமுகட்டில் அதிக மழை பெய்திருந்தாலும் இந்த முறையால் அதைச் சொல்ல முடியாது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மேல் மழை பதிவானது. அந்த நிலையத்தைச் சேர்த்து வரைந்தால் அவலாஞ்சியை மையமாகக் கொண்ட பெரிய வட்டம் வரும், நீக்கினால் அந்த மழையே மாவட்டத்தில் பெய்யாததுபோல் ஆகிவிடும். மேற்குக் காற்று மோதும் சரிவு முழுவதும் நனைந்திருக்க, வரைபடம் அதை ஒரு புள்ளியைச் சுற்றிய வளையங்களாகக் காட்டுகிறது. காற்று வந்த திசையோ சரிவின் முகமோ சூத்திரத்தில் எங்கும் இல்லை.

வட்டம் மழையா மென்பொருளா என்று கண்டுபிடிக்க, நிலையங்களை ஒவ்வொன்றாக மறைத்து மற்றவற்றிலிருந்து அதன் அளவைக் கணித்து, உண்மை அளவோடு ஒப்பிட வேண்டும். இதற்கு இவ்வளவு நிரல் போதும் (`xy` மீட்டரில், `z` மி.மீ.இல்):

```python
import numpy as np

def idw(xy, z, q, p=2):
    d = np.hypot(*(xy - q).T)
    if d.min() == 0:
        return z[d.argmin()]
    w = d ** -float(p)
    return (w * z).sum() / w.sum()

err = [idw(np.delete(xy, i, 0), np.delete(z, i), xy[i]) - z[i]
       for i in range(len(z))]
```

பெரும்பாலோர் இந்தப் பிழைகளை வர்க்கச் சராசரியின் வர்க்கமூலமாகச் சுருக்கி, ஒரே எண்ணாக அறிக்கையில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்திருந்தேன். அந்த எண்ணைவிடப் பிழைகளின் கூட்டல் கழித்தல் குறிகளே அதிகம் பேசுகின்றன. பயிற்சிக்காக நான் போட்ட கணக்கைச் சொல்கிறேன். மேற்கிலிருந்து கிழக்காக ஒரே கோட்டில் 10 கி.மீ. இடைவெளியில் ஐந்து நிலையங்கள். மழை 180, 120, 40, 12, 8 மி.மீ. மேற்குக் கோடியில் உள்ளதை மறைத்துக் கணித்தால் 92.6 வருகிறது. உண்மையில் 180; கணிப்பு 87 மி.மீ. குறைவு. கிழக்குக் கோடியில் உள்ளதை மறைத்தால் 32.7. உண்மையில் 8; கணிப்பு அதைப்போல் நான்கு மடங்கு. நடுநிலையத்துக்கு 40-க்குப் பதில் 71.6.

மேற்கே குறைத்தும் கிழக்கே கூட்டியும் சொல்கிறது என்றால் அது தற்செயல் பிழை அல்ல. மழை தொலைவை மட்டும் பொறுத்து மாறவில்லை, மலையைக் கடக்கும்போது மாறுகிறது என்பதற்கு அதுவே சான்று. அடுக்கை மாற்றுவதால் இந்த ஒருபக்கச் சாய்வு தீராது. எந்த அடுக்கை வைத்தாலும் முதல் நிலையத்தின் கணிப்பு 120-ஐத் தாண்ட முடியாது.

பிறகு சார் சொல்லித்தந்த வழி என் திட்டப்பணியையே மாற்றியது. அன்றைய மழையை நேரடியாக இடைக்கணிப்பு செய்யாமல், அதை அந்த நிலையத்தின் நீண்டகால மாதச் சராசரியால் வகுத்து, வரும் விகிதத்தை இடைக்கணிப்பு செய்வது. இறுதியில் அந்தந்த இடத்தின் சராசரியால் பெருக்கிவிட வேண்டும். அதே ஐந்து நிலையங்களின் மாதச் சராசரி 1200, 800, 300, 100, 60 மி.மீ. என்று வைத்தால் விகிதங்கள் 0.15, 0.15, 0.133, 0.12, 0.133. மழை இருபது மடங்குக்கு மேல் மாறிய இடத்தில் விகிதம் கொஞ்சம்தான் மாறுகிறது. இப்போது முதல் நிலையத்தை மறைத்துக் கணித்தால் 172.8 (உண்மை 180), கடைசிக்கு 7.6 (உண்மை 8). மலை உண்டாக்கும் வேறுபாட்டைச் சராசரி ஏற்கெனவே தாங்கிக்கொண்டிருப்பதால், தொலைவு தன் வேலையை மட்டும் செய்தால் போதும்.

எண்களை நானே தேர்ந்தெடுத்ததால் கணக்கு இவ்வளவு அழகாக அமைந்தது; களத்தில் இப்படி வராது. இடியுடன் வரும் கோடைமழை மலையின் வழக்கமான ஒழுங்குக்குக் கட்டுப்படுவதில்லை, அந்த நாட்களில் விகித முறையால் எனக்குப் பெரிய பயன் கிடைக்கவில்லை. பருவத்தையும் கவனிக்க வேண்டும். குன்னூர், கோத்தகிரி பக்கத்துக்கு அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையே முக்கியம். ஆண்டுச் சராசரியால் வகுத்தால் இரண்டு பருவங்களும் கலந்து, விகிதம் பொருளற்றதாகிவிடும். அந்தந்த மாதத்தின் சராசரியையே எடுங்கள். நிலையங்களுக்கு நடுவிலுள்ள இடங்களுக்கும் சராசரிப் பரப்பு ஒன்று தேவை; அதுவும் மலையைக் கணக்கில் எடுத்துத் தயாரித்ததாக இருக்க வேண்டும். சராசரிகளையே ஐ.டி.டபிள்யூ. செய்து பரப்பாக்கினால் பழைய வட்டங்கள் வேறு வழியில் திரும்பி வரும்.

நிலையங்கள் போதுமா என்ற கேள்வியும் வரும். மலைப்பகுதியில் 250 சதுர கி.மீ.க்கு ஒரு சாதாரண மழைமானியாவது வேண்டும் என்பது உலக வானிலை அமைப்பின் பரிந்துரை. நீலகிரியின் பரப்பு 2,500 சதுர கி.மீ.க்குச் சற்று அதிகம். அதாவது பத்துப் பதினொரு நிலையங்கள் குறைந்தபட்சம். ஒரு நாளில் எத்தனை நிலையங்களில் உண்மையாகவே அளவு எடுக்கப்பட்டது என்பதை ஒவ்வொரு வரைபடத்தின் கீழும் எழுதுங்கள்.

அன்று தேர்வாளருக்கு, "வட்டத்தின் நடுப்புள்ளி மழை, வட்டம் மென்பொருள்" என்று பதில் சொன்னேன். "எப்படித் தெரியும்?" என்று அடுத்துக் கேட்டார். அந்த நிலையத்தை மறைத்து வரைந்த இரண்டாவது வரைபடத்தையும், குறிகளோடு எழுதிய பிழை அட்டவணையையும் எடுத்து வைத்தேன். மீதி நேரம் முழுவதும் அட்டவணையின் மேற்கு நிலையங்களைப் பற்றித்தான் பேசினோம்.