கரண்ட்டும் நெட்டும் எப்ப போகும்னு தெரியாதப்ப நான் வேலையைப் பிரிச்சு வச்சுக்கிற விதம்

வீட்டுல இருந்து பைத்தான் கோட் எழுதுற வேலை எனக்கு. நான் இருக்கிற இடத்துல நெட் நினைச்சா வரும் நினைச்சா போகும், கரண்ட்டும் அப்படித்தான், ரெண்டும் சேர்ந்தே போற நாளும் உண்டு. இதுக்கு எல்லாரும் சொல்ற வழி, ஆஃப்லைன் வேலை ஒரு பக்கம் ஆன்லைன் வேலை ஒரு பக்கம்னு ரெண்டு லிஸ்ட் போட்டுக்கோங்கறது. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா உக்காந்து போட்டுப் பாத்தா ஆஃப்லைன் லிஸ்ட்ல எதையுமே முழுசா எழுத முடியாது, ஏன்னா முழுக்க ஆஃப்லைன்ல முடியுற வேலைன்னு பெருசா எதுவும் கிடையாது. கோட் எழுதுறதுன்னு எடுத்தா, என்ன பண்ணணும்னு எழுதி அனுப்புற டிக்கெட்டைப் படிக்க நெட் வேணும், எழுதி முடிச்சு அனுப்பவும் நெட் வேணும், நடுவுல இருக்கிற மூணு மணி நேரம்தான் ஆஃப்லைன்.

அதனால நான் வேலைகளை ரெண்டு லிஸ்ட்டாப் பிரிக்கிறதில்ல, ஒவ்வொரு வேலையையும் மூணு துண்டா வெட்டிக்கிறேன். எடுக்கிறது, செய்றது, அனுப்புறது. முதலும் கடைசியும் ஆன்லைன், ரெண்டுக்கும் சேர்த்து பெரும்பாலும் பத்துப் பதினஞ்சு நிமிஷத்துக்கு மேல ஆகாது. நாலு வேலையோட "எடுக்கிறது" துண்டையெல்லாம் சேர்த்து நெட் நல்லா இருக்கிற ஒரு நேரத்துல முடிச்சுட்டா அதுக்கப்புறம் நெட் போனாலும் போகட்டும்.

சும்மா பொதுவா சொன்னா புரியாது, சமீபத்துல பண்ண ஒரு வேலையையே சொல்றேன். டிக்கெட்ல இருந்த புகார் இதுதான்: மாசாந்திர ரிப்போர்ட்ல சில வரிகள்ல தேதி ஒரு நாள் முன்னாடி காட்டுது. டைம்ஸோன் பிரச்சனைன்னு பாத்த உடனே தெரிஞ்சுது. யூடிசிங்கிற உலகப் பொது நேரத்துக்கு முன்னால ஓடுற டைம்ஸோன்ல நள்ளிரவு தாண்டின உடனே பதிவான எதுவும் யூடிசில இன்னும் முந்தின நாளாத்தான் இருக்கும், எங்கேயோ ஒரு இடத்துல மாத்தாம அப்படியே தேதியை மட்டும் வெட்டி எடுத்திருக்காங்க.

இதுக்கு "எடுக்கிறது" துண்டுல என்னென்ன வந்துச்சுன்னா, டிக்கெட்டையும் அது கீழ இருந்த பேச்சு முழுசையும் பிடிஎஃபா சேவ் பண்ணேன், கஸ்டமர் அனுப்பின ஸ்கிரீன்ஷாட்டை டவுன்லோட் பண்ணேன், டெஸ்ட் டேட்டாபேஸ்ல இருந்து அந்த மாசத்தோட சில நூறு வரியை மட்டும் ஒரு ஃபைலா இறக்கினேன் (முழு டேட்டாபேஸ் எதுக்கு, நள்ளிரவு ஒட்டின வரிகள் இருந்தாப் போதும்), பைத்தானோட டேட்டைம் டாக்குமென்ட் பக்கங்களையும் இறக்கி வச்சேன். அப்புறம் இந்த ரெண்டு கமாண்ட்:

```
git fetch --all
pip download -r requirements.txt -d packages
```

முதல் கமாண்ட் எல்லா பிராஞ்சோட புது மாற்றங்களையும் மெஷினுக்குக் கொண்டு வந்துரும், அதுக்கப்புறம் பிராஞ்ச் மாத்துறது, மெர்ஜ் பண்றது, பழைய ஹிஸ்டரியைப் பாக்கிறது, கமிட் போடுறது எதுக்கும் நெட் தேவையில்ல. ரெண்டாவது, தேவையான பேக்கேஜ் எல்லாத்தையும் ஒரு ஃபோல்டர்ல போட்டு வைக்கும், நெட் இல்லாதப்ப என்விரான்மென்ட்டைத் திரும்ப உருவாக்கணும்னா அங்க இருந்தே இன்ஸ்டால் பண்ணிக்கலாம்:

```
pip install --no-index --find-links=packages -r requirements.txt
```

இதுல ஒரு விஷயம், இந்த டவுன்லோட் அப்ப ஓடுற பைத்தான் வெர்ஷனுக்கும் அந்த ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும் தகுந்த ஃபைலைத்தான் எடுக்கும். வேற மெஷின்ல எடுத்துட்டு வந்து இங்க போட்டா சில பேக்கேஜ் ஏறாது.

எல்லாம் எடுத்தாச்சுன்னு நினைச்சுக்கிட்டு நெட் போற வரைக்கும் காத்திருக்கக் கூடாது. நானே வைஃபையை ஆஃப் பண்ணிட்டு பத்து நிமிஷம் வேலை பாப்பேன். மொத்த ஏற்பாட்டுல எதையாச்சும் ஒண்ணை மட்டும்தான் வச்சுக்கலாம்னு யாராவது சொன்னா நான் இதைத்தான் வச்சுப்பேன். ஆஃப்லைன் வேலைக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டிருக்கிற ஆன்லைன் எல்லாம் அந்தப் பத்து நிமிஷத்துல வெளிய வந்துரும். இந்த வேலைல ரெண்டு வந்துச்சு. ஒண்ணு, கோட் சரியா இருக்கான்னு பாக்கிற டெஸ்ட்டை ஓட்டினா பாஸும் ஆகல ஃபெயிலும் ஆகல, அப்படியே நின்னுது, ரொம்ப நேரம் கழிச்சு டைம்அவுட்னு வந்துச்சு. இப்படி தொங்கினா பெரும்பாலும் உள்ள எங்கேயோ நெட்வொர்க்கைத் தேடுதுன்னு அர்த்தம், தேடிப் பாத்தா ரிப்போர்ட் உருவானதும் மெயில் அனுப்புற ஒரு டெஸ்ட் இருந்துச்சு. அந்த மாதிரி டெஸ்ட்டுக்கு மேல `@pytest.mark.online`னு ஒரு அடையாளம் போட்டுட்டா, நெட் இல்லாதப்ப இப்படி ஓட்டிக்கலாம்:

```
pytest -m "not online"
```

இன்னொண்ணு கொஞ்சம் சுவாரசியமானது. டைம்ஸோனுக்கு பைத்தானோடயே வர்ற `zoneinfo`வைப் பயன்படுத்தலாம்னு எழுதினா `ZoneInfoNotFoundError`னு வந்து நின்னுது. விஷயம் என்னன்னா, அது டைம்ஸோன் விவரத்தை ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கிட்ட இருந்துதான் எடுக்கும், விண்டோஸ்ல அது எடுத்துக்கிற மாதிரி அந்த விவரம் இருக்காது, அதனால `tzdata`ன்னு தனி பேக்கேஜ் போடணும். நெட் இருந்தா இது அரை நிமிஷ வேலை. இல்லாத மத்தியானத்துல இது வந்திருந்தா அன்னைக்கு அந்த வேலை அங்கயே உக்காந்திருக்கும். வைஃபையைத் திரும்ப ஆன் பண்ணி அதை requirements.txtல சேர்த்து இறக்கிட்டு மறுபடி ஆஃப் பண்ணி ஓட்டிப் பாத்தேன், ஓடுச்சு.

கோட் எழுதாதவங்களுக்கும் இந்தப் பத்து நிமிஷம் பொருந்தும், மாட்டுற இடம்தான் வேற. ரொம்ப சாதாரணமா நடக்கிறது கிளவுட் ஃபோல்டர்லதான். ஃபோல்டரைத் திறந்தா ஃபைல் பேரெல்லாம் தெரியும், ஆனா ஒன்டிரைவ்ல பக்கத்துல மேகம் மாதிரி ஐகான் இருந்தா உள்ள இருக்கிறது மெஷின்ல இல்ல, கிளிக் பண்ணும்போதுதான் இறங்கும். ரைட் கிளிக் பண்ணி Always keep on this device கொடுத்தாத்தான் அது உண்மையிலேயே நம்மகிட்ட இருக்கு. கூகுள் டாக்ஸும் அப்படித்தான், ஆஃப்லைன் வசதியை நெட் இருக்கும்போதே ஆன் பண்ணி வச்சிருக்கணும்.

இது வரைக்கும் நெட் கதை. கரண்ட் வேற கணக்கு, ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பக் கூடாது. கரண்ட் போச்சுன்னா நிறைய பேர் உடனே ஆஃப்லைன் வேலைக்குப் போயிடுறாங்க, நான் நேர் எதிரா பண்றேன். என் ரவுட்டர் ஒரு சின்ன டிசி யூபிஎஸ்ல ஓடுது, கரண்ட் போனதும் அதோட கடிகாரம் ஓட ஆரம்பிச்சுடுது, அதனால அந்த நேரத்துல ஆன்லைன் துண்டுகளைத்தான் முதல்ல முடிப்பேன். ஆஃப்லைன் வேலை எங்க ஓடிப் போகுது, ரவுட்டர் செத்த பிறகு லேப்டாப் பேட்டரில பண்ணிக்கலாம்.

எவ்வளவு நேரம் கிடைக்கும்னு யூபிஎஸ் மேல போட்டிருக்கிற mAhஐ அப்படியே நம்பாதீங்க. 10,000 mAhன்னா அது உள்ள இருக்கிற செல்லோட 3.7 வோல்ட்ல, அதாவது 37 வாட் ஹவர். ரவுட்டருக்கு 12 வோல்ட்டா மாத்தும்போது கொஞ்சம் வீணாப் போகும், சுமாரா 30 கைக்கு வரும்னு வச்சுக்கலாம். ரவுட்டர் 8 வாட் எடுத்தா மூணே முக்கால் மணி நேரம்தான். ஃபைபர் பெட்டி தனியா இருந்தா அதுக்கும் சேர்த்துக் கணக்குப் போடணும், ரவுட்டர்ல லைட் எரிஞ்சுக்கிட்டே நெட் இல்லைன்னா பெரும்பாலும் அந்தப் பெட்டிக்குக் கரண்ட் இல்ல, இல்லேன்னா கம்பெனிக்காரங்க பக்கத்துலயே கரண்ட் இல்ல, அதுக்கு நம்ம யூபிஎஸ் ஒண்ணும் பண்ண முடியாது.

லேப்டாப்புக்கும் இதே மாதிரிதான். விண்டோஸ்ல `powercfg /batteryreport` கொடுத்தா பேட்டரி புதுசா இருந்தப்ப எவ்வளவு, இப்ப எவ்வளவுன்னு ஒரு ரிப்போர்ட் வரும். 50 வாட் ஹவர் மிச்சம் இருந்து டைப் அடிக்கிற வேலைக்கு 10 வாட் போனா அஞ்சு மணி நேரம், அதே பேட்டரி வீடியோ கால்லயோ பெரிய பில்ட் ஓடும்போதோ 25 வாட் இழுத்தா ரெண்டே மணி நேரம். அதனால ஆஃப்லைன் துண்டுகளுக்குள்ளயும் எனக்கு ஒரு கோடு உண்டு, முழு டெஸ்ட் ஓட்டுறது மாதிரி சூடாகிற வேலைக்குப் பக்கத்துல "பிளக்"னு எழுதி வச்சிருப்பேன், கரண்ட் இல்லாதப்ப அதைத் தொட மாட்டேன். படிக்கிறது, எழுதுறது, ரிவ்யூ பாக்கிறது இதெல்லாம் பேட்டரி நேரத்துக்கு.

நெட் திரும்ப வந்ததும் எதை முதல்ல பண்றதுங்கிறதும் முக்கியம், ஏன்னா அஞ்சு நிமிஷத்துல திரும்பப் போகலாம். வெளிய போக வேண்டிய சின்னச் சின்ன விஷயம் முதல்ல, அதாவது `git push`, சேர்த்து வச்ச மெசேஜ். கோட் மாத்தம் பெரும்பாலும் சில கேபிதான், மோசமான லைன்லயும் போயிடும். அடுத்து எடுக்க வேண்டியது. பெரிய அப்லோட் கடைசி, அதுவும் நடுவுல அறுந்தா விட்ட இடத்துல இருந்து தொடர்ற மாதிரி `rsync --partial` போட்டுத்தான் அனுப்புவேன்.

மெசேஜ்னதும் ஞாபகம் வருது. ஆஃப்லைன்ல வேலை பாக்கும்போது சந்தேகம் வந்தா கேக்க ஆள் கிடைக்காது, நெட் வந்து கேட்டு அவங்க பதில் போடுறதுக்குள்ள நம்ம நெட் திரும்பப் போயிருக்கும். அதனால கேள்வியை ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல சேர்த்து வைப்பேன், கேக்கிற விதத்தையும் மாத்திக்கிட்டேன். "தேதியை எந்த டைம்ஸோன்ல காட்டணும்?"னு மொட்டையாக் கேக்காம, "கஸ்டமரோட டைம்ஸோன்ல காட்டுற மாதிரி பண்றேன், வேற மாதிரி வேணும்னா நாளைக்குக் காலைல சொல்லுங்க, மாத்துறது ஒரே இடத்துலதான்"னு எழுதுவேன். பதில் வரலைன்னாலும் கை நிக்காது, தப்பா இருந்தாலும் திருத்துறது சின்ன வேலைன்னு அவங்களுக்கும் தெரியும்.

இந்த முறைக்கு அடங்காத வேலையும் இருக்கு. மீட்டிங்கை மூணு துண்டா வெட்ட முடியாது, லைவ்ல ஓடுற சர்வரைப் பாத்துக்கிற டூட்டியும் அப்படித்தான். டூட்டி நாள்ல ஃபோன் ஹாட்ஸ்பாட்டை முன்னாடியே கனெக்ட் பண்ணிப் பாத்து, அந்த கனெக்ஷனை மீட்டர்டுன்னு செட் பண்ணிடுவேன், இல்லேன்னா விண்டோஸ் அப்டேட் வந்து டேட்டாவைக் குடிச்சுடும். கரண்ட் போனா அக்கம்பக்கத்துல எல்லாரும் ஃபோன் டேட்டாக்கு மாறுறதால அதுவும் மெதுவாத்தான் போகும், டெர்மினல்ல வேலை பாக்க அது போதும், வீடியோ கால்னா கேமராவை ஆஃப் பண்ணிட்டு குரல் மட்டும். வீட்டு நெட்டும் ஃபோன் டேட்டாவும் ஒண்ணா விழ வாய்ப்பிருக்கிற நாள்ல டீம்ல இன்னொருத்தர்கிட்ட முன்கூட்டியே சொல்லி டூட்டியை மாத்திக்குவேன்.