உப்புக் காற்றில் ஒரு கூரை: உருக்குத் தகட்டிலிருந்து அலுமினியத்துக்கு

எங்கள் வீடு உப்புவெளியில், கடலிலிருந்து ஏறத்தாழ 200 மீற்றர் தூரத்தில் இருக்கிறது. வாடை வீசும் மாதங்களில் காலையில் யன்னல் கம்பியைத் தடவினால் விரலில் உப்பு ஒட்டும். 2013இல் பழைய ஓட்டை இறக்கிவிட்டு நிறம் பூசிய உருக்குத் தகடு போட்டோம். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் எங்கள் கரையைக் கடந்த இரவில், சமையலறைக்கு மேலிருந்த ஒரு தகட்டின் ஓரம் பிய்ந்து மடிந்தது. விடிந்ததும் ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். திருகாணிகளைச் சுற்றிக் காசளவு துரு வளையங்கள் இருந்தன. காற்று இழுத்தபோது அந்த இடங்களில் பிடித்துக்கொள்ள உலோகமே மிச்சமில்லை.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். தகட்டின் நடுப்பகுதி, வெயிலும் மழையும் நேராக விழும் பகுதி, இன்னும் நன்றாகவே இருந்தது. இறவாணத்தின் அடிப்புறமும், ஒரு தகடு மற்றதன் மேல் ஏறும் இடமும்தான் அரித்திருந்தன. அதாவது மழை படாத இடங்களே முதலில் போயிருந்தன.

துறைமுகப் பட்டறையில் நெடுங்காலம் பிற்றராக இருந்து ஓய்வு பெற்ற என் மாமாவைக் கூட்டி வந்து காட்டினேன். அவர் அடிப்புறத்தை நகத்தால் சுரண்டினார். வெள்ளைத் தூள் உதிர்ந்தது, அதன் கீழே பழுப்புத் துரு தெரிந்தது.

"தம்பி, மழை கூரைக்கு எதிரி இல்லை. அது உப்பைக் கழுவிக்கொண்டு போகிறது. கழுவுப்படாத இடத்தில் உப்பு தங்கி, இரவில் பனியை இழுத்து, நாள் முழுக்க ஈரமாகவே வைத்திருக்கிறது" என்றார்.

அன்று அவர் சொல்லித் தந்த கணக்குத்தான் எனக்குக் கண் திறந்தது. உருக்குக் கூரையின் ஆயுள் உருக்கின் ஆயுள் அல்ல. அதன் மேலுள்ள பூச்சின் ஆயுள். கல்வனைசுப் பண்ணிய நல்ல தகட்டில் ஒரு சதுர மீற்றருக்கு இருபுறமும் சேர்த்து 275 கிராம் துத்தநாகம் இருக்கும். ஒரு புறத்துக்கு அது 20 மைக்ரோன் கனம்தான், அதாவது ஒரு மில்லிமீற்றரில் ஐம்பதில் ஒரு பங்கு. உப்புக் காற்று கடுமையாக அடிக்கும் கரையில் துத்தநாகம் ஆண்டுக்கு 4 முதல் 8 மைக்ரோன் வரை கரையலாம். கழுவுப்படாத மூலைகளில் மூன்று, ஐந்து ஆண்டுகளில் பூச்சு முடிந்துவிடும். எங்களுடையது துத்தநாகத்தோடு அலுமினியமும் கலந்த பூச்சு. அது சாதாரண கல்வனைசை விட இரண்டு முதல் நான்கு மடங்கு காலம் தாங்கக்கூடியது. மேலே நிறமும் இருந்தது. ஆனாலும் துளையிட்ட இடத்திலும் வெட்டிய ஓரத்திலும் உருக்கு திறந்தே கிடக்கிறது. 2013இல் தகடுகளைக் கூரை மேலேயே வைத்துக் கிரைண்டரால் வெட்டினார்கள். பறந்து விழுந்த இரும்புத் துகள்கள் நிறத்தில் ஒட்டி, அடுத்த வாரமே செம்புள்ளிகளாகத் தெரிந்தன. அப்போது அதை அழுக்கு என்று நினைத்துவிட்டேன்.

உருக்கு வேண்டாமென்றால் வேறு எது? பாரிஸில் இருக்கும் மச்சானிடம் தொலைபேசியில் பேசும்போது, அந்த நகரத்தின் சாம்பல் நிறக் கூரைகள் எல்லாம் துத்தநாகத் தகடு என்றும், 19ஆம் நூற்றாண்டிலிருந்தே அப்படித்தான் என்றும் சொன்னார். எங்கள் வீட்டில் ஐந்தாறு ஆண்டில் கரைந்த அதே துத்தநாகமா என்று கேட்டேன். அதேதான், ஆனால் அங்கே அது பூச்சு இல்லை; தகடு முழுவதுமே துத்தநாகம், 0.7 மில்லிமீற்றர் கனம், எங்கள் பூச்சைப் போல 35 மடங்கு. எங்கள் கரையிலே கூட அந்தக் கனம் பல பத்தாண்டுகள் நிற்கும். ஆனால் துத்தநாகத்துக்கு அடிப்புறத்திலும் காற்றோட்டம் வேண்டும். காற்றிலுள்ள கரியமில வாயு பட்டால்தான் அதன் மேல் காப்புப் படலம் கட்டும். அடைந்த ஈரத்தில் வெண்துரு பிடித்து உள்ளிருந்தே துளை விழும். பலகை அடித்து, காற்று போக வழிவிட்டு, தகட்டின் ஓரங்களை மடித்துப் பூட்டும் வேலை தெரிந்தவர் எனக்கு இங்கே கிடைக்கவில்லை. அதனால் அதை விட்டேன்.

செம்பின் மேல் எனக்கு உண்மையான ஆசை இருந்தது. கோயில் கலசங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த உலோகத்தின் உறுதியைச் சொல்லத் தேவையில்லை. அநுராதபுரத்து லோவமகாபாயவின் பெயரே அதன் உலோகக் கூரையால் வந்தது என்பார்கள். கடற்காற்றில் செம்பு விரைவாகப் பச்சை பிடிக்கும். அந்தப் பச்சையே அதன் கவசம், அதன் பின் ஆண்டுக்கு ஒரு மைக்ரோன் அளவே குறையும். நூறு ஆண்டு என்பது செம்புக்குப் பெரிய வயதில்லை. ஆனால் அது அலுமினியத்தை விட மூன்று மடங்குக்கு மேல் பாரம், கிலோ விலையும் பல மடங்கு. ஒரே பரப்புக்கு, ஒரே கனத்துக்கு உலோகச் செலவு மட்டும் பத்து மடங்குக்கு மேல் வந்தது. முகட்டுக்கு மட்டுமாவது செம்பு போடலாமா என்று மாமாவிடம் கேட்டேன். அவர் உடனே மறுத்தார். செம்பைக் கழுவி வரும் மழைநீரில் செம்பு கரைந்திருக்கும். அது அலுமினியத்தின் மேலோ துத்தநாகப் பூச்சின் மேலோ வடிந்தால், விழுந்த இடமெல்லாம் குழி பறிக்கும். செம்பு எப்போதும் கீழே இருக்கலாம், மேலே இருக்கக்கூடாது.

ஆகவே 2021 தொடக்கத்தில் 0.7 மில்லிமீற்றர் அலுமினியத் தகடு போட்டோம். உருக்கில் 0.47 போதும், அலுமினியத்தின் விறைப்பு அதில் மூன்றில் ஒன்று என்பதால் கனமும் கூட வேண்டும், சிலாகைகளையும் நெருக்கி அடிக்க வேண்டும். அதைச் சரியாகச் செய்தோம். பிழை வேறிடத்தில் நடந்தது.

வேலைக்கு வந்த பாஸ் உருக்குத் தகடு போட்டுப் பழகியவர், கைவேலை சுத்தமானவர். முகட்டிலிருந்து இறவாணம் வரை 24 அடி. "ஐயா, ஒரே நீளமாகப் போடுவோம். பொருத்து இல்லையென்றால் ஒழுக்கும் இல்லை" என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. கல்வனைசுத் திருகாணிகளை எல்லா வரிசையிலும் இறுக்கி முடித்தார்.

சித்திரையில் சத்தம் தொடங்கியது. வெயில் ஏறும்போதும், மாலையில் முகில் மறைக்கும்போதும், கூரையில் யாரோ கல்லெறிவது போல டக்கென்று வெடித்தது. கச்சான் வீசிய மாதங்களில் அம்மா மதியத் தூக்கத்தையே விட்டுவிட்டார். அந்த ஆண்டு முதல் மாரி மழையிலேயே பதினொரு இடத்தில் ஒழுகியது. ஏறிப் பார்த்தால் நடுவிலிருந்த திருகாணிகள் சரியாக இருந்தன. முகட்டுப் பக்கமும் இறவாணப் பக்கமும் இருந்த துளைகள் முட்டை வடிவில் நீண்டு, இறப்பர் வாசர் விலகியிருந்தது.

அலுமினியம் சூட்டில் நீளும் அளவு உருக்கைப் போல இரண்டு மடங்கு. ஒரு மீற்றர் நீளம், ஒரு பாகை வெப்பத்துக்கு, உருக்கு 12 மைக்ரோன் நீளும். செம்பு 17, துத்தநாகக் கூரைத் தகடு 22, அலுமினியம் 24. எங்கள் கூரை மாரி விடியலில் 24 பாகையிலும், கச்சான் மதியத்தில் 70 பாகை வரையிலும் இருக்கும் என்று வைத்தால் வித்தியாசம் 46 பாகை. 24 அடி என்பது 7.3 மீற்றர். பெருக்கிப் பார்த்தால் உருக்கு 4 மில்லிமீற்றர் நீளும், செம்பு 5.7, துத்தநாகம் 7.4, அலுமினியம் 8. கீழே இருக்கும் பனஞ்சிலாகை இந்தச் சூட்டுக்கு அசைவதே இல்லை என்று சொல்லலாம். உருக்கில் அந்த நான்கு மில்லிமீற்றரைத் திருகாணியின் சிறு தளர்ச்சியும் தகட்டின் நெளிவும் ஏற்றுக்கொண்டிருந்தன. எட்டு மில்லிமீற்றருக்கு இடம் எங்கும் இல்லை. தகடு உராய்ந்து நின்று, பின் ஒரேயடியாக நழுவும்போது எழுந்ததே அந்த வெடிச்சத்தம்.

2022இல் வேலையை மீண்டும் செய்தோம். ஒவ்வொரு தகட்டையும் நடுவில் வெட்டி 12 அடித் துண்டுகளாக்கினோம். மேல்துண்டு கீழ்த்துண்டின் மேல் அரையடி ஏற வேண்டும் என்பதால் இறவாணம் அரையடி குறைந்தது. கீழ்த்துண்டுகளின் பழைய துளைகளைச் சிறு அலுமினிய ஒட்டுகள் வைத்து, சிலிக்கன் பூசி, அலுமினிய ரிவெட் அடித்து மூடியதே அதிக நேரம் எடுத்த வேலை. ஒவ்வொரு துண்டின் நடு வரிசையையும் மட்டும் இறுக்கிப் பிடித்தோம். அங்கிருந்து இரு முனைக்கும் 1.83 மீற்றர்தான், ஆகவே முனை நகர்வது 2 மில்லிமீற்றர். மற்ற வரிசைகளில் துளையை 10 மில்லிமீற்றராக்கி, 5.5 மில்லிமீற்றர் திருகாணியை அதன் நடுவில் இறக்கினோம். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் 2.25 மில்லிமீற்றர் இடம் இருக்கிறது. துளையை மூட 25 மில்லிமீற்றர் அகல வாசர் போட்டோம். மெல்லிய உலோகத்தைப் புயற்காற்று திருகாணித் தலை வழியே உருவிவிடாமல் பிடிப்பதும் அந்த அகலம்தான். இறப்பர் தகட்டில் பதிந்ததும் நிறுத்த வேண்டும், நசுங்கும்வரை இறுக்கினால் தகடு மீண்டும் பூட்டுப்பட்டுவிடும்.

திருகாணியையும் 316 தரத் துருப்பிடிக்காத உருக்குக்கு மாற்றினோம். கல்வனைசுத் திருகாணியின் பூச்சு அலுமினியத்தோடு சேர்ந்து உப்பீரத்தில் இருக்கும்போது விரைவில் போய்விடும். எங்களுடையவற்றில் ஓராண்டிலேயே தலைகள் பழுப்பேறியிருந்தன. மாமா கடைக்குக் காந்தத்தோடு வந்தார். துருப்பிடிக்காது என்று தந்த முதற் பெட்டி காந்தத்தில் இறுக ஒட்டியது. அதைத் திருப்பிக் கொடுத்தோம். இரண்டாவது மெல்லத்தான் இழுபட்டது. பெரிய அலுமினியப் பரப்பில் சிறிய துருப்பிடிக்காத திருகாணி, இடையில் இறப்பர் என்றால் அரிப்பு சிறிதாகவே நிற்கும்.

சுவரோடு சேரும் ஓரத்தில் முன்பு பூசியிருந்த சீமெந்தை உடைத்தபோது, அதன் கீழ் அலுமினியம் கொப்பளித்திருந்தது. ஈரச் சீமெந்தின் காரம் இந்த உலோகத்துக்கு ஆகாது. இப்போது அங்கே மடித்த அலுமினியப் பட்டி இருக்கிறது, சீமெந்து அதைத் தொடுவதில்லை.

முடித்த வாரத்தில் ஒரு தகட்டின் கீழ் முனையில் மார்க்கரால் கோடு போட்டேன். பென்சில் வேண்டாம் என்று மாமா தடுத்திருந்தார். அதன் கரி அலுமினியத்தை அரிக்கும். விடியலில் சிலாகைக் கோட்டோடு நேராக இருந்த அந்தக் கோடு, மதியம் ஒன்றரை மில்லிமீற்றர் கீழே இறங்கியிருந்தது. சத்தம் இல்லை. அதன் பின் மூன்று வாடைக் காலங்கள் போய்விட்டன, ஒழுகவும் இல்லை. மாதம் ஒரு முறை இறவாணத்தின் அடிப்புறத்தை நல்ல தண்ணீரால் கழுவுகிறேன். பின்வளவில் மாட்டுக்கொட்டில் மேல் இன்னும் அந்தப் பழைய உருக்குத் தகடுகளே கிடக்கின்றன. குழாய் அதுவரை எட்டும் என்பதால் அவற்றுக்கும் சேர்த்தே தண்ணீர் அடிக்கிறேன்.