பீப் ஒலிக்கு அடியில் ஒன்றும் இல்லை

என் பெரியப்பா முப்பது ஆண்டுகள் லாரி ஓட்டியவர். எங்கள் ஊர் கேபிள் சேனல் ஒன்று அவரைக் கூடத்தில் உட்கார வைத்து அரை மணி நேரம் பேட்டி எடுத்தது. அவர் குரல் எங்களிடம் இருப்பது அந்த ஒரு பதிவில்தான். திம்பம் மலைப்பாதையின் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளில், பிரேக் பிடிக்காத வண்டியை இறக்கிய இரவைப் பற்றிச் சொல்லும்போது வண்டியைப் பார்த்து ஒரு சொல் சொல்கிறார். அந்த இடத்தில் "பீஈஈப்".

"அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் நெஞ்சு திடுக்கென்கிறது தம்பி. அதை எடுத்துவிட்டு அவர் சொன்னதைக் கேட்க வைக்க முடியுமா?" என்று பெரியம்மா கேட்டார். முதல் பாதியைச் செய்துவிட்டேன். இரண்டாவது பாதி ஏன் நடக்காது என்பதைப் புரிந்துகொள்ளத்தான் கூடுதல் நாள் பிடித்தது.

கோப்பிலிருந்து ஒலியைப் பிரித்து ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் திறந்தேன். பீப் 0.74 விநாடி நீளம். அலைவடிவில் அது செங்கல் போல, மேலும் கீழும் ஒரே மட்டத்தில் நின்றது. ஒலியின் அதிர்வெண்களைத் தனித்தனியாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமுக்கு மாற்றிப் பார்த்தால் சரியாக 1000 ஹெர்ட்ஸில் ஒரே ஒரு மெல்லிய கோடு. கலர் பார் படத்தோடு ஒலியளவைச் சரிபார்க்க ஸ்டுடியோக்கள் வைத்திருக்கும் அதே தொனி இது. எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் சொல்லை மறைக்கவும் அதையே எடுத்துக்கொள்கிறார்கள்.

ஒரே கோடு என்றதும் எனக்கு ஆசை வந்தது. பேச்சின் ஒலி சுமார் 100 ஹெர்ட்ஸிலிருந்து பல ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை பரவிக் கிடப்பது. அதில் ஒரு கோட்டை மட்டும் உருவிவிட்டால் மீதி கேட்க வேண்டும் அல்லவா? `Notch Filter` கொண்டு 1000 ஹெர்ட்ஸை நீக்கினேன். பீப் போய்விட்டது. தொடக்கத்திலும் முடிவிலும் சின்ன டிக் ஒலி, நடுவில் வெறுமை. ஒலியளவை முப்பது டெசிபல் உயர்த்தியும் பெரியப்பாவின் குரல் ஒரு துளிகூட வரவில்லை.

வடிகட்டியில் பிழையா, அடியில் ஏதும் இல்லையா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை செய்தேன். என் குரலில் "சாமி" என்று பதிவு செய்து இரண்டு படிகள் எடுத்தேன். முதல் படியில் சொல்லின் மேல் 1000 ஹெர்ட்ஸ் தொனியைக் கலந்தேன். இரண்டாவதில் சொல்லை வெட்டி எறிந்துவிட்டு அந்த இடத்தில் தொனியை வைத்தேன். ஸ்பீக்கரில் கேட்டபோது இரண்டும் ஒன்று போல இல்லை. கலந்த படியில் பீப்புக்குப் பின்னால் "சாமி" மங்கலாகக் கேட்டது. வடிகட்டியபின் அது தெளிவாகவே கேட்டது. வெட்டிய படியில் வடிகட்டிய பிறகும் ஒன்றுமில்லை. பெரியப்பாவின் பதிவு இரண்டாவது வகை.

பீப் ஒலி சொல்லை மூடுகிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஒற்றைத் தொனியால் ஒரு சொல்லை மூடவே முடியாது என்பதை என் முதல் படி காட்டிவிட்டது. அதனால்தான் எடிட்டர்கள் முதலில் பேச்சை அந்த இடத்தில் நீக்குகிறார்கள். பிறகு அந்தக் குழி தெரியாமல் இருக்க தொனியை வைக்கிறார்கள். கோப்பைப் பொறுத்தவரை ஒலி என்பது எண்களின் வரிசை. விநாடிக்கு 48,000 எண்கள் என்றால், 0.74 விநாடியில் 35,520 எண்கள். அந்த இடத்தில் முன்பு இருந்தவை அழிந்து, தொனியின் எண்கள் எழுதப்பட்டுள்ளன. பழைய எண்களை ஊகிக்க அவற்றில் எந்தத் தடயமும் இல்லை. எந்தச் சொல் இருந்திருந்தாலும் இதே எண்கள்தாம் இங்கே இருக்கும்.

இன்னும் உறுதியான சாட்சி ஒன்று கிடைத்தது. பேட்டி நடந்த கூடத்தில் ஒரு டியூப் லைட். அதன் சோக்கின் ரீங்காரம் பதிவு முழுவதும் 100 ஹெர்ட்ஸில் மங்கலான கோடாக ஓடுகிறது. பீப் தொடங்கும் இடத்தில் அந்தக் கோடு கத்தியால் வெட்டியது போல நின்றுவிடுகிறது. பீப் முடிந்ததும் மறுபடி தொடங்குகிறது. 1000 ஹெர்ட்ஸ் தொனி அவ்வளவு கீழே உள்ள ஒலியை மறைக்காது. மைக்கின் தடமே அங்கே இல்லை என்பதைத்தான் அது சொல்கிறது. உங்கள் பதிவில் இப்படி அடிநாதம் ஏதாவது பீப்பின் ஊடாகத் தொடர்ந்து ஓடினால் மட்டும் வடிகட்டிப் பார்க்கலாம். பேச்சும் அங்கே இருக்கக்கூடும். இடது, வலது என்ற இரண்டு தடங்களில் ஒன்றில் மட்டும் அழித்திருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். என் கோப்பில் இரண்டும் ஒன்றே.

சொல் இனி இருக்கக்கூடிய ஒரே இடம் வெட்டாத மூல ஒளிநாடா. சேனலில் வேலை பார்த்தவரைத் தேடிப் போய்க் கேட்டேன். அந்த நாடாக்களில் வேறு நிகழ்ச்சிகளைப் பதிந்துவிட்டதாகச் சொன்னார். பெரியப்பாவின் மற்றப் பேச்சிலிருந்து எழுத்துகளைப் பொறுக்கி ஒரு சொல்லைத் தைக்கலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். அது நான் அவர் வாயில் வைக்கும் சொல்லாக இருக்கும். அதைச் செய்ய எனக்கு மனமில்லை.

ஆகவே குழியை நிரப்பும் வேலை. முதலில் பீப்பைத் தேர்ந்தெடுத்து வெறும் மௌனமாக்கினேன். கேட்கச் சகிக்கவில்லை. ரீங்காரமும் மின்விசிறியின் காற்றும் திடீரென்று அறுந்து போய்த் திரும்பி வருவதால், ஒலிபெருக்கியே ஒரு கணம் பழுதானது போல இருந்தது. இதற்குத்தான் ரூம் டோன் வேண்டும். யாரும் பேசாதபோது அந்த அறையில் கேட்கும் ஒலி அது. கேள்விக்கும் பதிலுக்கும் இடையில் அவர் யோசிக்கும் இடம் ஒன்று, பீப்புக்கு நாற்பது விநாடி முன்னால் கிடைத்தது. மூச்சும் நாற்காலி முனகலும் இல்லாத 0.82 விநாடியை அங்கிருந்து எடுத்தேன்.

குழியின் நீளம் 0.78 விநாடி. பீப்புக்கு முன்னால் சொல்லின் முதல் மெய்யெழுத்து ஒரு விக்கல் போல மிஞ்சியிருந்ததால் அதையும் சேர்த்து 40 மில்லிவிநாடி கூடுதலாக வெட்டினேன். எடுத்த துண்டைக் கீழே தனித் தடத்தில் வைத்து, இரு முனைகளிலும் 20 மில்லிவிநாடி பழைய ஒலியோடு மேற்படியவிட்டு ஒன்று குறைய மற்றொன்று கூடும்படி செய்தேன். அதே தடத்தில் ஒட்டியிருந்தால் நீளம் சற்றே மாறினாலும் அதன் பின்னுள்ள பேச்செல்லாம் உதட்டசைவிலிருந்து விலகியிருக்கும்.

முதல் முயற்சியில் இணைப்பில் ரீங்காரம் ஒரு கணம் விழுங்கப்பட்டது போலக் கேட்டது. இரண்டு அலைகளும் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று அழித்துக்கொண்டன. 100 ஹெர்ட்ஸ் அலை 10 மில்லிவிநாடிக்கு ஒருமுறை திரும்ப வருவதால், துண்டை அதற்குள் நகர்த்தினாலே பொருந்திவிடும். 4 மில்லிவிநாடி வலப்புறம் தள்ளியதும் அலைகளின் மேடு மேட்டோடு சேர்ந்தது. மறுமுனையும் தானாகவே சரியாயிற்று.

பிறகு, ffmpeg என்ற நிரலுக்கு ஒரு கட்டளை கொடுத்து, படத்தைத் தொடாமல் ஒலியை மட்டும் மாற்றினேன்:

```
ffmpeg -i asal.mp4 -i oli.wav -map 0:v -map 1:a -c:v copy -c:a aac pudhu.mp4
```

ஒன்று மட்டும் உறுத்தியது. இப்போது கேட்பவருக்குப் பெரியப்பா அந்த இடத்தில் தயங்கி நிறுத்தியது போலத் தோன்றும். அவர் தயங்கியவர் அல்லர். அதனால் அந்த முக்கால் விநாடியில் திரையின் கீழே "ஒரு சொல் நீக்கப்பட்டுள்ளது" என்று எழுத்து ஓடவிட்டேன். பீப்புடன் கூடிய மூலக் கோப்பைத் தனியாக வைத்திருக்கிறேன்.

பெரியம்மா இரண்டு முறை போட்டுக் கேட்டார். இரண்டாவது முறை, அந்த இடம் வந்ததும் அவர் உதடுகள் அசைந்தன. என்ன சொல் என்று நான் கேட்கவில்லை.